எட்டு சென்டிமீட்டருக்கு ஓர் உ

மேடையில் நான் அதிகம் தோற்றதில்லை. இதைத் தன்னடக்கத்தோடு சொல்லவே விரும்புகிறேன். ஆனால் தன்னடக்கத்தையும் எனக்கு மேடையில்தான் கற்றுக்கொடுத்தார்கள். வலது கையை மார்பில் வைத்து, குரலைச் சற்றே இறக்கி, ஒரு மூச்சு நேரம் தலை குனிய வேண்டும். அந்த மூச்சு நேரத்தில் அவையில் எத்தனை பேர் நம்மைப் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் கணக்கெடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்திருக்கிறேன்.

பள்ளியின் கடைசித் தேர்வான ஆறாம் படிவத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த தொண்ணூறுகளின் தொடக்க மாதங்கள் அவை. பள்ளி விவாதக் குழுவில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். கொடுக்காத பக்கத்தையும் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருவன் வீட்டில் சும்மா இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் தந்தை முடிவெடுத்து, சூலியா தெருவில் நாணய மாற்றுக் கடை ஒன்றின் மாடியில் இருந்த தமிழ்க் கணினி அச்சுக்கோப்புக் கடைக்கு என்னை அனுப்பிவைத்தார்.

கடையை நடத்தியவர் எங்கள் உறவு வழியில் ஓர் அக்கா. பல ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்துவிட்டு, பிறர் சொல்வதை எழுதியது போதும் என்று வேலையை விட்டவர். இரண்டு கணினிகள், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு மின்விசிறி: அதுதான் கடை. திருமண அழைப்பிதழ், கருமாதி அட்டை, பள்ளி விளையாட்டு விழா நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றைத் தட்டச்சிட்டு, பக்கம் அமைத்து, லேசரில் எடுத்து, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த அச்சகத்துக்கு அனுப்புவோம். அங்கே அந்தத் தாள்களைப் படம் பிடித்து, தகடாக்கி, ஆயிரக்கணக்கில் ஓட்டுவார்கள். எனவே எங்கள் தாளில் ஒரு தூசு இருந்தால் அது ஆயிரம் தூசாகும். அக்கா இதை நாளுக்கு ஒருமுறையாவது சொல்வார்.

அந்த ஆண்டு டத்தோ கிராமாட் சாலைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் குடமுழுக்கு மலர் அக்காவின் கைக்கு வந்தது. கடை தொடங்கிய பிறகு வந்த முதல் பெரிய வேலை அதுதான். கோயில் செயற்குழுவில் பாதிப் பேர் மலரைக் கோலாலம்பூரில் கொடுக்க விரும்பினார்கள். மாதிரிப் பக்கங்கள் சுத்தமாக வந்தால் இங்கேயே கொடுக்கலாம், இல்லையென்றால் ரயிலேற்றிவிடலாம் என்று முடிவாகியிருந்தது. “இது போச்சுன்னா நான் திரும்பவும் எவன் சொல்றதையாவது எழுதிக்கிட்டு உக்கார வேண்டியதுதான்” என்று அக்கா சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

கோயில் வேலை என்பதால் அக்கா தொடக்கத்திலேயே கடையைக் கழுவித் துடைத்தார். தரை, சன்னல், விசைப்பலகை, மின்விசிறியின் இறக்கை என ஒன்றையும் விடவில்லை. நான் நாற்காலியில் நின்று ஒட்டடை அடித்தபடி தூய்மையின் மேன்மை குறித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் பூ வைத்து, ஊதுவத்தி ஏற்றி, முதல் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினோம்.

மலரின் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும், நடுவில், பிள்ளையார் சுழி இருக்க வேண்டும் என்பது செயற்குழுவின் கட்டளை. சாதாரண உ போதாது. கட்டைவிரல் நகத்தின் அளவுக்குக் கன்னங்கரேலென்று தடித்த உ. அதை வரைந்தவன் நான்தான். எதைச் செய்தாலும் பின்வரிசைக்கும் தெரியும்படி செய்வது என் பழக்கம்.

தாள் வெளியே வந்தது. உச்சியில் கறுத்த உ. அதற்குக் கீழே, எழுத்துகளுக்கு இடையில், அதே உ சாம்பல் நிறத்தில் இன்னொரு முறை. அதற்கும் கீழே, அதே இடைவெளி விட்டு, இன்னும் வெளிறி ஒன்று. தாளின் அடியில் மூன்றாவதாக ஒன்று. சன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் அது கண்ணுக்குப் பட்டது. மற்ற எழுத்துகள் மெல்லியவை என்பதால் அவற்றுக்கு நிழல் விழவில்லை. என் உ மட்டும் தன் பேய்களை அழைத்துக்கொண்டு இறங்கி வந்திருந்தது.

“என்ன தம்பி இது?” என்றார் அக்கா.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல எந்த விவாதக் குழுவும் எனக்குப் பயிற்சி அளித்ததில்லை. எனவே பிரிண்டரோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். உள்ளே டிரம் என்ற உருளை ஒன்று சுற்றுகிறது. லேசர் ஒளி அதன்மேல் எழுத்தை வரைகிறது. வரைந்த இடத்தில் டோனர் தூள் ஒட்டுகிறது. அந்தத் தூள் தாளுக்கு மாறுகிறது. பிறகு ஒரு சூட்டு உருளை தூளை உருக்கித் தாளோடு பிணைக்கிறது. நான் டிரம் வரைக்கும் கவனமாகப் படித்தேன். வழக்குக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

“அக்கா, உருவம் எங்கே பிறக்கிறது? டிரம்மிலே! பிறந்த இடத்தைக் கேட்காமல் பேயைப் பற்றிப் பேசலாமா? போன சுற்றின் தூளை டிரம் முழுசாய்த் துறக்கவில்லை. துறக்காதது திரும்ப வருகிறது. குற்றவாளி டிரம்தான்!”

“வீட்டுல பேசற மாதிரிப் பேசு தம்பி.”

“டிரம்மு போச்சுக்கா.”

எங்கள் பிரிண்டரில் டிரம் டோனரோடு சேர்ந்து ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் இருந்தது. அலமாரியில் இருந்த புதுப் பெட்டியை அக்கா மனமில்லாமல் பிரித்து, கார்ட்ரிட்ஜை மாற்றினார். தாளை எடுத்தோம். எட்டிப் பார்த்த உ, அதே இடத்தில், அதே சாம்பலில்.

டிரம்மை மாற்றிய பிறகும் நிழல் அங்கேயே நிற்கிறதென்றால் டிரம் குற்றமற்றது என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். நான் சிறு பிள்ளை அல்லவே. “புதுசும் அதே தொழிற்சாலை, அக்கா. குறை வழிவழியாய் வருகிறது” என்றேன். இன்று நினைத்தாலும் அந்த வாதத்தின் கட்டமைப்பில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு. உண்மை ஒன்றைத் தவிர அதில் எல்லாம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம். கோயில் செயலாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா அவர். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா. மேசைமேல் பேய் பிடித்த தாள் கிடந்தது. அக்கா அதை மறைக்கக் கை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

“இது என்ன தங்கச்சி, கீழே எல்லாம் உ உ-வா நிக்குது?”

அக்காவின் முகம் வெளுத்தது. கோலாலம்பூர் ரயில் அவர் கண்ணில் ஓடியதை நான் பார்த்தேன். பார்த்ததும் என் வலது கை தானாக மார்புக்குப் போனது.

“ஐயா, கோயில் மணியை ஒருமுறை அடித்தால் ஓசை ஒருமுறையா கேட்கிறது? அடித்த இடத்தில் முழங்குகிறது. தள்ளி நிற்பவன் காதில் ததும்புகிறது. தெருமுனையில் போகிறவன் நெஞ்சில் மெல்லத் தங்குகிறது. இந்தப் பக்கத்தின் உச்சியில் விநாயகனின் மணி அடிக்கிறது. படிக்கிறவனின் கண் கீழே இறங்க இறங்க, ஓசை தேய்ந்து, பக்தி வளர்கிறது. இது மையில் வரைந்த எழுத்தல்ல, ஐயா. எதிரொலி!”

செயலாளர் தாளைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வேணும்னுதான் போட்டீங்களா?”

“வேண்டித்தான் போட்டோம்” என்றேன். சிலேடையில் எனக்கு அன்று இருந்த மோகத்தை வாசகர் பொறுத்தருள வேண்டும்.

“கோலாலம்பூர்க்காரன் இதெல்லாம் யோசிப்பானா? நான் இன்னைக்கு மீட்டிங்குல காட்டுறேன்” என்று தாளை உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் படியிறங்கும் வரை மூச்சை அடக்கி வைத்திருந்த அக்கா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். “நீ பேசுறதுக்கு இன்னைக்குத்தான் தம்பி ஒரு பலன் கண்டேன்.” அன்று மாலை வீட்டுக்குப் பேருந்தில் போகவில்லை, நடந்தேன். வெற்றி பெற்றவர்கள் நடக்க வேண்டும் என்று எங்கோ தோன்றியிருந்தது.

ஆனால் பேய்க்கு என் வெற்றி தெரியாது. அடுத்த நாள் எடுத்த பக்கங்களில் உ மட்டுமல்ல, தடித்த தலைப்புகளும் நிழலாட ஆரம்பித்தன. தலைவரின் வாழ்த்துரையில், ‘அன்புடையீர்’ என்பதற்கு நேர் மேலே ‘தலைவர்’ என்ற சொல் மங்கலாக மீண்டும் மிதந்தது. அச்சகத்துக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னோம். “அப்படித் தாள் குடுத்தா எடுக்க மாட்டேன். கேமரா சாம்பலைச் சாம்பலா பிடிக்காது. ஒண்ணு காணாமப் போகும், இல்லாட்டி பொட்டுப் பொட்டா கறுப்பா வரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஃபிலிமுல பிரஷ் வச்சு அந்தப் பொட்ட அழிச்சிக்கிட்டு இருக்க எனக்கு ஆள் இல்ல” என்றார் அச்சகத்து அண்ணன். என் எதிரொலித் தத்துவத்தை அவரிடமும் தொடங்கினேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

பழுது பார்க்க பாய் ஒருவர் வந்தார். நகல் இயந்திரமும் பிரிண்டரும் பார்ப்பவர். கைப்பெட்டியை விடக் குரல் பெரிது. தான் தொட்டதும் சரியான இயந்திரங்களின் கதைகளைச் சொல்லிக்கொண்டே படியேறினார், சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். எனக்கு அவரை உடனே பிடிக்காமல் போயிற்று. ஓர் அறையில் இரண்டு பேச்சாளர்கள் இருக்கலாகாது.

“டிரம்தான்” என்றேன், அவர் திருப்புளியை எடுப்பதற்கு முன்பே.

“யாரு இந்தத் தம்பி? டாக்டரா?”

“பேச்சாளர்” என்றார் அக்கா.

“அப்ப நாக்குல ஏதாச்சும் ரோசாக் ஆனா தம்பிகிட்ட வர்றேன். மெஷினு கெட்டுப் போனா நான் பாக்குறேன், சரியா? ஸ்கேல் குடுங்க.”

மர அளவுகோலைக் கொடுத்தேன். பாய் கறுத்த உ-வின் அடியில் பூச்சியத்தை வைத்து, முதல் நிழலின் அடிவரை அளந்தார். பிறகு அங்கிருந்து அடுத்த நிழல் வரை.

“எட்டு. எட்டு. கண்ணு தெரிஞ்சா கீழ மூணாவதும் எட்டுதான் இருக்கும். பாத்தீங்களா, இந்தச் சுழி போட்டது நல்லதாப் போச்சு. நடுவுல தனியா, தடியா இருக்கு. அளக்குறதுக்குன்னே போட்ட மாதிரி. ஒரு ரோலர்ல ஏதாச்சும் ஒட்டுனா, அது ஒரு சுத்து சுத்தி வந்து மறுபடி தாளைத் தொடுற இடத்துலதான் விழும். எத்தனை சென்டியோ அதுதான் ரோலரோட சுத்தளவு. இந்த மெஷின்ல டிரம்மு ஒரு சுத்துக்கு ஒன்பதரை வரும். எட்டு வர்றது சூட்டு ரோலர் ஒண்ணுதான்.”

“அளவு ஏறக்குறைய இருக்கலாம் அல்லவா?” என்றேன்.

“விடமாட்டான் போல” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பாய் ஒரு தாளை அச்சுக்கு அனுப்பச் சொன்னார். தாள் உள்ளே பாதி வழி போனதும் சட்டென்று மூடியைத் திறந்தார். இயந்திரம் நின்றது. சூட்டு உருளைக்குள் நுழையாமல் நின்ற தாளை மெல்ல உருவி எடுத்தார். அதில் தூள் இன்னும் உருகாமல் இருந்தது. ஊதினால் எழுத்துப் பறந்துவிடும். உச்சியில் என் உ. அதற்குக் கீழே நிழல் விழ வேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“டிரம்மத் தாண்டி வந்தாச்சு. பேய் இருக்கா?”

“இல்லை” என்றேன். அந்தச் சொல்லை அவ்வளவு சிறிய குரலில் நான் அதுவரை உச்சரித்ததில்லை.

இயந்திரம் ஆறும்வரை தேநீர் குடித்தார். பிறகு பின்பக்க மூடியைத் திறந்து, சூட்டு உருளையின் மேல் செருகியிருந்த பச்சைக் கைப்பிடி வைத்த நீளமான கம்பளிப் பட்டையை உருவினார். கையில் எடுத்ததுமே முகம் மாறியது. விரலால் தட்டினார். ‘டொக்’ என்றது.

“இது என்ன, அப்பளமா? பஞ்சு மாதிரி இருக்கணுமே. இதுலதான் எண்ணெய் ஊறியிருக்கும். சூட்டு ரோலரைத் துடைச்சுக்கிட்டே எண்ணெயும் தடவும். அப்பத்தான் தூளு ரோலர்ல ஒட்டாது. எண்ணெய் எங்க போச்சு?”

அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டினார்.

“கழுவினேன்.”

“என்னாது?”

“கோயில் வேலையாச்சேன்னு கடையெல்லாம் கழுவினேன் இல்ல. இதுவும் கறுப்பா, பிசுக்கா இருந்திச்சு. சோப்புப் போட்டு அலசி, மாடியில கொடியில காய வச்சுப் போட்டேன்.”

பாய் பேச்சற்றுப் போனார். அந்த அதிசயத்தை நிகழ்த்த என்னால் முடியவில்லை, அக்கா நிகழ்த்திவிட்டார். சற்றுக் கழித்துத்தான் அவருக்குக் குரல் வந்தது. “இத்தனை கம்பெனி பாத்திருக்கேன். கொடியில காயப் போட்ட ஆள மட்டும் பாத்ததில்லக்கா. கிளிப்பு போட்டீங்களா?”

“போட்டேன்.”

“சரி, புது கார்ட்ரிட்ஜு பெட்டியில இது மாதிரி புதுசு ஒண்ணு வருமே. ரெண்டையும் சேத்துதானே மாத்தணும். அது எங்க?”

அக்கா இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பச்சைக் கைப்பிடிகள் வரிசையாக, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், வீட்டில் விருந்தாளிக்கென்று எடுத்து வைக்கும் துவாலைகளைப் போல அடுக்கியிருந்தன. கடை தொடங்கியதிலிருந்து வாங்கிய ஒவ்வொரு பெட்டியிலும் இருந்தவை. “பழசு நல்லாத்தானே இருந்திச்சு. புதுச எதுக்கு வீணாக்கணும்னு…” என்று இழுத்தார். எண்ணெய் வற்றிக்கொண்டே வந்த பட்டையைச் சோப்பு முடித்து வைத்திருக்கிறது.

பாய் உருளையில் படிந்திருந்த கறுப்பைத் துணியால் பதமாகத் துடைத்து எடுத்தார். புதிய பட்டை ஒன்றைச் செருகினார். அடுத்து வந்த தாளில் ஒரே ஓர் உ இருந்தது. அக்கா தாளை விளக்குக்குக் காட்டி, சாய்த்து, கவிழ்த்துப் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுத்தமான பக்கங்களை மறுநாளே கோயிலுக்கு அனுப்பிவைத்தோம். மலர் எங்களுடையதாகிவிட்டது என்றே நினைத்தோம்.

மாலையில் செயலாளர் மாடியேறி வந்தார். கையில் சுத்தமான பக்கங்கள்; முகத்தில் கடுகடுப்பு.

“எதிரொலி எங்க?”

நான் எழுந்து நின்றேன்.

“என்ன தம்பி பாக்குற? மணியோசை எங்க? தேயிற உ எல்லாம் எங்க?” உறையிலிருந்து பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தார். “இதக் காட்டித்தானே நான் மீட்டிங்குல பேசினேன். அடிச்ச இடத்துல முழங்குது, தள்ளி நிக்கிறவன் காதுல ததும்புதுன்னு சொன்னேன். தலைவர் எழுந்து கையக் குடுத்தாரு. கோலாலம்பூர்ல குடுக்கணும்னு நின்ன கே.எல். கட்சி வாயத் தெறக்கல. இப்ப ஒத்தை உ-வோட போய் நின்னா என்னை என்ன நினைப்பாங்க?”

நான் சொன்னதை அவர் சொல்லியிருக்கிறார். அதுவும் தம் சொல்லாக. எனக்கு முதலில் வந்தது அச்சமல்ல, பொறாமை: கைதட்டலை அவர் வாங்கியிருக்கிறார். அச்சம் அதற்குப் பின்புதான் வந்தது.

“ஐயா, எளிமையும் ஓர் அழகுதானே? ஒரே இறைவன், ஒரே சுழி…” என்று எதிர்ப்பக்கத்தைத் தொடங்கினேன். அரிய பேச்சு. வீட்டுக் கண்ணாடி கேட்டிருந்தால் உருகியிருக்கும்.

“அன்னைக்குச் சொன்னதுதான் நல்லா இருந்திச்சு” என்றார் செயலாளர். என்னை நானே தோற்கடித்திருந்தேன். என் தோல்விக்கு நடுவராக இருந்தவர் என் பேச்சையே மனப்பாடமாக வைத்திருந்தார்.

“இந்தத் தாள்ல இருக்கிற மாதிரியே வேணும். அதே இடம், அதே மாதிரி. இல்லாட்டி கே.எல். கட்சிக்கு வழி விட்ட மாதிரி ஆயிடும், தங்கச்சி. நான் ஒண்ணும் செய்ய முடியாது” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், திட்டுக்குப் பதில் சொல்லத் தெரியும். “அன்னைக்கு ‘மெஷினு கெட்டுப் போச்சு, நாளைக்கு வாங்க’ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். நான் பாய்க்கு அழைத்தேன்.

“பாய், பழைய பட்டையைத் திருப்பிப் போட முடியுமா?”

“எதுக்கு?”

“பேய் வேண்டும்.”

“தம்பி, நல்லா பண்ணிக் குடுன்னு கேப்பாங்க. சீக்கிரம் பண்ணிக் குடுன்னு கேப்பாங்க. கெடுத்துக் குடுன்னு கேட்ட மொத ஆளு நீதான். வர்றேன், இத நான் நேர்ல பாக்கணும்.”

வந்தார். நேர்த்திக்கடன் போல அந்த அப்பளத்தைத் திரும்பச் செருகினார். முதல் சில தாள்கள் சுத்தமாக வந்தன. பிறகு பேய்கள் திரும்பின. ஆனால் சொன்ன சொல் கேட்கிற பேய்களாக இல்லை. உ-வோடு சேர்ந்து தலைப்பு நிழலாடியது, பக்க எண் நிழலாடியது; ஒரு பக்கத்தின் அடியில் இருந்த கறுப்புக் கோடு அடுத்த பக்கத்தின் நெற்றியில் வந்து விழுந்தது. மணியோசை இல்லை அது. பாசார்ச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை இரைச்சல். “போதும் லா. ரோலரே போயிடும்” என்று பாய் பட்டையை உருவி, இந்த முறை அக்காவிடம் கொடுக்காமல் தம் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். “உங்ககிட்ட இருந்தா இதையும் அலசுவீங்க.”

மறுநாள் செயலாளர் விட்டுச் சென்ற அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறினேன். கடலைப் பார்த்தபடி நின்று, அச்சகத்து அண்ணனிடம் பேச ஒரு முன்னுரை தயாரித்தேன். பட்டர்வொர்த்தில் இறங்கியபோது அது முடிவுரையோடு சேர்ந்திருந்தது. அச்சகத்துக்குள் நுழைந்ததும் இயந்திரங்களின் ஓசையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எனவே வேறு வழியில்லாமல் உண்மையைக் கத்தினேன்.

“அண்ணே! பிரிண்டர் கெட்டுப் போச்சு! கெட்டதைக் கோயில்காரங்களுக்குப் பிடிச்சுப் போச்சு! இதே மாதிரி வேணுமாம்!”

அவர் தாளை வாங்கி உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். சிரித்தாரா, இரைச்சலில் பல்லைக் கடித்தாரா தெரியவில்லை. என்னை வெளியே அழைத்துவந்தார்.

“இத அப்படியே படம் பிடிச்சா பொட்டுப் பொட்டாத்தான் வரும், அன்னைக்கே சொன்னேன். வேற ஒண்ணு பண்ணலாம். எழுத்து இருக்கிற சுத்தமான பக்கத்த ஒரு பக்கம் வச்சுக்கோ. தனியா ஒரு வெள்ளைத் தாள்ல நெழலு வர்ற எடத்துல மட்டும் உ-வ நல்லா கறுப்பா வச்சுக் குடு. நான் அதுக்குத் தனித் தகடு போட்டு வெளிறின மஞ்சள்ல ஓட்டிர்றேன். எல்லாப் பக்கத்துக்கும் அதே தகடுதான். அட்டைக்கு எப்படியும் மஞ்சள் ஏத்தணும். ரெண்டு நாள் கூட ஆகும், குடமுழுக்குக்கு முன்னாடி குடுத்துருவேன். ஆனா நீ இங்க வந்து பேசிக்கிட்டு நிக்காம இருந்தா.”

“தேயணுமே, அண்ணே. ஒன்றைவிட ஒன்று வெளிறிப் போகணும்.”

“கீழ போகப் போகப் புள்ளி வச்ச ஒட்டுத்தாள் போடுறேன், மஞ்சள் கொறையும். போ.”

கடைக்குத் திரும்பி, பாய் அளந்த அதே மர அளவுகோலை எடுத்தேன். செயலாளரின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெட்டி எடுத்த உ-க்களைப் பசை தடவி ஒட்டினேன். எட்டு. எட்டு. எட்டு. ஒரு சூட்டு உருளை தற்செயலாகச் செய்ததை வியர்வை வழிய, மூச்சை அடக்கி, கையால் செய்துகொண்டிருந்தேன். முதல் முயற்சியில் ஒன்று கோணலாகிவிட்டது. உருளை ஒருமுறையும் கோணலாக ஒட்டியதில்லை.

மஞ்சள் உ-க்களோடு ஒரு மாதிரித் தாள் அச்சகத்திலிருந்து வந்ததும் செயலாளர் அதையும் பழைய தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, சன்னலில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் பொருந்தின. “பழசு அழுக்குச் சாம்பலா இருந்திச்சு. இதுதான் மங்களமா இருக்கு” என்று எங்கள் பேயைக் குறை வேறு சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, “அடிச்சிடுங்க” என்றார். அக்கா வாய்க்குள் ஏதோ சொன்னார். அது நன்றியா, விநாயகனா என்று எனக்குக் கேட்கவில்லை.

குடமுழுக்கு நாளில் மலர் வெளியீடு. வெளியீட்டுரைக்கு என்னை அழைப்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. புதுச் சட்டை தைத்திருந்தேன். குறிப்பேதும் எடுத்துப் போகவில்லை, பார்க்காமல் பேசுகிறவன் என்று தெரிய வேண்டுமே. பந்தலில் நான்காவது வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒலிவாங்கி முன் வந்து நின்றவர் செயலாளர். மலரை விரித்து உயர்த்திப் பிடித்தார்.

“கோயில் மணியை ஒருமுறை அடித்தால் ஓசை ஒருமுறையா கேட்கிறது?”

சொல் சொல்லாக என் பேச்சு. ஆனால் எங்கு மூச்சு விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ‘தெருமுனை’யில் நிறுத்தி இருமினார். ‘பக்தி வளர்கிறது’ என்பதற்குக் குரலை ஏற்ற மறந்தார். என் கை மார்புக்குப் போய்த் திரும்பி வந்தது. பந்தல் கைதட்டியது. எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “அந்த மணி, அது தேயுறது… எப்படிச் சொன்னாரு பாத்தீங்களா” என்று திரும்பச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து விட்டுவிட்டார்.

“நல்லாத்தான் பேசுறாரு” என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

சில வாரங்களில் பட்டர்வொர்த் பக்கத்துக் கோயில் ஒன்றிலிருந்து ஒருவர் மாடியேறி வந்தார். மலரை மேசையில் விரித்து, மஞ்சள் உ-க்களை விரலால் தொட்டுக் காட்டினார். “எங்களுக்கும் இதே டிசைன்தான் வேணும். ஆனா நீங்க எப்படி இத யோசிச்சீங்க?”

அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தேன்.

“தம்பி” என்று மர அளவுகோலை என் கையில் வைத்தார் அக்கா. “பேசாம ஒட்டு. எட்டு சென்டிமீட்டர்.”